வாசிப்புப் பதிவேடும் நாலு நிமிடப் பேச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் 32 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாசிப்புப் பதிவேடு உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் அதை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நாலு நிமிடம் பேசுவார்கள். ஆங்கிலவழிப் பள்ளிகளில் இவற்றை ரீடிங் லாக், கான்ஃபரன்ஸ் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் "நாலு நிமிஷம்". "டீச்சர், இன்னைக்கு எனக்கு நாலு நிமிஷமா?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் உள்ளே வருவார்கள். சக ஆசிரியர்களும் பெற்றோர்களும் என்னிடம் கேட்டவை இவை.

பதிவேட்டில் என்னென்ன எழுதச் சொல்வது?

நான்கே கட்டம். தேதி, புத்தகத்தின் பெயர், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, அப்புறம் "நின்ற இடம்". கடைசிக் கட்டத்தில் வாசிக்கும்போது தன்னை நிறுத்திய ஒரு சொல்லையோ ஒரு இடத்தையோ பிள்ளை எழுத வேண்டும். புரியாமல் நின்றிருக்கலாம், சிரிப்பு வந்து நின்றிருக்கலாம், எது வேண்டுமானாலும் சரி. ஒன்றுமே இல்லை என்றால் கோடு போட்டுவிடலாம்.

முதல் வருடம் நான் 9 கட்டம் போட்டேன். ஆசிரியர் பெயர், பதிப்பகம், கதைச் சுருக்கம், பிடித்த கதாபாத்திரம், கற்ற நீதி என்று வரிசையாக. பத்து நிமிடம் வாசித்துவிட்டு இருபது நிமிடம் எழுதினார்கள். சுருக்கம் என்ற கட்டத்தில் பாதிப் பேர் பின்னட்டையைப் பார்த்து எழுதினார்கள். "கற்ற நீதி"யில் எல்லாருக்கும் ஒரே நீதிதான்: பொய் சொல்லக் கூடாது. யானை வாழைத்தோட்டத்துக்குள் புகுந்த கதைக்கும் அதேதான்!

நேரத்தை எழுதச் சொல்லாமல் பக்க எண்ணை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "20 நிமிடம் வாசித்தேன்" என்ற வரியை வைத்துக்கொண்டு நான் எதுவும் செய்ய முடியாது. "பக்கம் 5 முதல் 9 வரை" என்றால் அந்தப் பக்கத்தைத் திறந்து பேச்சைத் தொடங்கலாம். பதிவேடு இருப்பதே அந்த நாலு நிமிடத்தில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரிந்துகொள்ளத்தான்.

இன்னொன்று, "விட்டுவிட்டேன்" என்று எழுத அனுமதி கொடுங்கள். பாதியில் விட்ட புத்தகம் முடித்த புத்தகத்தைவிட நிறையச் சொல்லும். ஒரு பிள்ளை மூன்று புத்தகத்தை வரிசையாக ஆறாம் ஏழாம் பக்கத்தில் விட்டிருந்தால், அவள் எடுக்கும் புத்தகம் அவளுக்கு மேலே இருக்கிறது என்று பொருள். அல்லது அட்டைப்படத்தைப் பார்த்து எடுக்கிறாள்.

தினமும் பெற்றோர் கையெழுத்து வாங்கலாமா? அதிகம் படித்தவருக்கு ஸ்டார் ஒட்டலாமா?

இரண்டையும் செய்து பார்த்து விட்டுவிட்டேன். ஸ்டார் ஒட்டிய மாதத்தில் ஒரு பையன் 41 புத்தகம் எழுதியிருந்தான். பக்கத்துக்கு ஒரு வரி உள்ள 8 பக்கப் படக்கதைகளாகத் தேடித் தேடி எடுத்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. எண்ணிக்கைக்குப் பரிசு என்று நான்தானே சொன்னேன்.

கையெழுத்துக் கட்டம் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை இரவில் ஏழு நாளுக்கும் சேர்த்து நிரப்பினார்கள். பார்த்தாலே தெரியும். ஏழு வரியும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், பக்கங்கள் 1–5, 6–10, 11–15 என்று செங்கல் அடுக்கியதுபோல் இருக்கும். உண்மையாக வாசிக்கிற பிள்ளையின் பதிவேடு அப்படி இருக்காது. ஒருநாள் 2 பக்கம், மறுநாள் 14, பொங்கல் விடுமுறையில் ஒன்றுமில்லை, அப்புறம் முன்பு படித்த புத்தகமே மறுபடி. மேடுபள்ளமாக இருந்தால் நம்பலாம்.

2012-இல் அமெரிக்காவில் பாக், வெஸ்லி என்ற இருவர் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குப் பதிவேடு கட்டாயம், மற்றதற்கு விருப்பப்பட்டால் மட்டும். கட்டாயப்படுத்திய பிரிவில் வாசிக்கும் ஆர்வம் குறைந்தது. என் வகுப்பில் பதிவேட்டை நிரப்பாமல் வந்தால் திட்டுவதில்லை. "சரி, எந்தப் பக்கத்துல இருக்க?" என்று வாயால் கேட்டு நானே எழுதிக்கொள்வேன்.

என் மகள் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிக்கிறாள். அப்புறம் எதற்கு உட்கார்ந்து பேச வேண்டும்?

தமிழில் இந்த ஏமாற்றம் அதிகம். நம் எழுத்து, ஏறக்குறைய எழுதியபடியே ஒலிக்கும் எழுத்து. ஒரு பிள்ளைக்கு 247 எழுத்தும் பழகிவிட்டால், பொருள் தெரியாத சொல்லையும் அழகாக வாசித்துவிடும். ஆங்கிலத்தில் பழக்கமில்லாத சொல் வந்தால் உச்சரிப்பிலேயே பிள்ளை மாட்டிக்கொள்ளும், ஆசிரியருக்கும் தெரிந்துவிடும். தமிழில் அந்த எச்சரிக்கை மணி அடிக்காது.

கேள்வி கேட்டாலும் பல சமயம் அடிக்காது. நானே இட்டுக்கட்டிய இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "ஒரு முண்டிலி சவுக்கியில் டபித்தது." எது டபித்தது? முண்டிலி. எங்கே டபித்தது? சவுக்கியில். இரண்டுக்கும் சரியான பதில் சொல்லிவிட்டீர்கள், முண்டிலி என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேற்றுமை உருபைப் பிடித்துக்கொண்டே விடை சொல்லிவிடலாம். பாடப்புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளில் பல இந்த வகைதான். ஆகவே சரளமாக வாசிப்பதும், கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வதும் சேர்ந்திருந்தாலும்கூடப் புரிந்திருக்காமல் போகலாம்.

சரி, அந்த நாலு நிமிடத்தில் என்னதான் செய்வீர்கள்?

முதல் அரை நிமிடம் பதிவேட்டைப் பார்ப்பேன். நின்ற இடம் ஏதாவது எழுதியிருந்தால் அங்கிருந்தே தொடங்குவோம். பிறகு ஒன்றரை நிமிடம், பிள்ளை இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் பக்கத்திலிருந்து ஒரு பத்தியை எனக்கு மட்டும் கேட்கும்படி வாசிக்கும். நான் குறுக்கிடுவதில்லை, தாளில் குறித்துக்கொள்வேன். அடுத்த ஒன்றரை நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டுப் பேச்சு. கடைசி அரை நிமிடத்தில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி, அதைப் பதிவேட்டிலேயே எழுதிக் கொடுத்து அனுப்புவேன்.

ஒரே ஒன்று என்பதுதான் கஷ்டம். நாலு தவறு கண்ணில் பட்டிருக்கும், நாலையும் சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் பிள்ளை ஒன்றையும் எடுத்துப் போகாது. மற்ற மூன்றையும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறைக்கு விட்டுவிடுவேன்.

உட்காரும் இடமும் முக்கியம். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தால் அது ஒப்புவித்தல் ஆகிவிடும். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, புத்தகம் இருவருக்கும் தெரியும்படி உட்காருங்கள். இன்னும் நல்லது, நீங்களே எழுந்து போய்ப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் பாயில் உட்காருவது.

வாசிக்கும்போது வரும் பிழையை எப்படிக் கணக்கு வைப்பது? நூற்றுக்கு இத்தனை என்று ஒரு அளவு உண்டாமே?

நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே என்பவர் ஆங்கில வாசிப்புக்காக வகுத்த முறை அது. பிள்ளை வாசிக்க வாசிக்க, சொல்லுக்குச் சொல் குறி போடுவது. 95 விழுக்காட்டுக்கு மேல் சரியாக இருந்தால் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு எளிது, 90 முதல் 94 வரை ஆசிரியர் துணையோடு வாசிக்க ஏற்றது, 90-க்குக் கீழே என்றால் கடினம். குறி போடும் பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். விழுக்காட்டை அப்படியே தமிழுக்குப் பொருத்தினால் தப்பாகிவிடும். ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன்.

வகுப்பு நூலக மூலைக்காக நான் சில சின்னக் கதைகளை எழுதித் தைத்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்றின் 5-ஆம் பக்கம்:

"மாலையில் மழை வலுத்தது. தாத்தா குடையை விரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வேப்பமரத்தின் கிளை முறிந்து கிணற்றின் மேல் கிடந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவர் திடுக்கிட்டார். ஆட்டுக்குட்டி ஒன்று படியில் நடுங்கிக்கொண்டு நின்றது."

23 சொல். இதையே ஆங்கிலத்தில் எழுதினால் 45 சொல்லுக்குப் பக்கத்தில் வரும். நம் சொற்கள் நீளம், ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு சொல் பிசகினாலே விழுக்காடு தடாலென்று விழும்.

கயல் என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் அல்ல. அவள் இதை வாசித்தபோது ஐந்து இடத்தில் குறி போட்டேன். "வலுத்தது" என்பதை "வழுத்தது" என்றாள். "விரித்துக்கொண்டு" என்பது "விரிச்சுக்கிட்டு" ஆனது. "முறிந்து" என்பதை "முறித்து" என்று வாசித்துவிட்டு மேலே போனாள். "திடுக்கிட்டார்" வந்ததும் தி, டு, க், கி என்று எழுத்துக் கூட்டிச் சரியாகச் சொல்லிவிட்டாள். "நடுங்கிக்கொண்டு" என்பதை முதலில் "நடந்துகொண்டு" என்றவள், "நின்றது" என்ற சொல்லைப் பார்த்ததும் திரும்பி வந்து தானே திருத்தினாள்.

கறாராக ஐந்தையும் பிழை என்று எண்ணினால் 23-இல் 18 சரி, 78 விழுக்காடு. புத்தகம் கடினம், கீழே இறக்கு என்று ஆகும். இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். வழுத்தது என்பது லகர ழகர உச்சரிப்பு, அதைக் குறித்து வைத்துக்கொண்டு வேறொரு நாள் பார்க்கலாம். விரிச்சுக்கிட்டு என்பது பிழையே அல்ல. எழுத்தில் இருந்த சொல்லை அவள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றியிருக்கிறாள், பொருள் தெரியாமல் அது முடியாது. எழுத்துக் கூட்டிச் சரியாகச் சொன்னதும், தானே திருத்திக்கொண்டதும் கிளேயின் முறையிலேயே பிழைக் கணக்கில் வராது. மிஞ்சுவது "முறித்து" ஒன்றுதான். 23-இல் 22, அதாவது 96 விழுக்காடு. ஒரே வாசிப்பு, எண்ணுகிறவரைப் பொறுத்துக் கடினமும் ஆகிறது, எளிதும் ஆகிறது.

ஆனால் அந்த 96-ஐ நம்பியிருந்தாலும் ஏமாந்திருப்பேன். புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டேன்.

"கிளை எப்படிம்மா கிணத்து மேல வந்துச்சு?"

"தாத்தா ஒடிச்சுப் போட்டாரு டீச்சர்."

"தாத்தா ஏன் திடுக்கிட்டாரு?"

"அவருக்குத் தலை சுத்திடுச்சு."

முறிந்து, முறித்து: ஒரே எழுத்துதான் வித்தியாசம், அதில் தானாக நடந்ததா ஒருவர் செய்ததா என்பதே மாறிவிடுகிறது. கயல் கதையில் தாத்தா மரத்தை ஒடிக்கிறார். திடுக்கிட்டார் என்பதை அவள் பிழையில்லாமல் வாசித்தாள், பொருள் தெரியவில்லை, கிணற்றை எட்டிப் பார்ப்பவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துத் தலைசுற்றல் என்று முடிவு கட்டியிருக்கிறாள். அதுவும் ஒரு புத்திசாலித்தனம்தான். அவள் பதிவேட்டில் இந்தப் பக்கத்துக்கு நேரே "நின்ற இடம்" கட்டத்தில் கோடு போட்டிருந்தது. வாயால் சொல்ல முடிந்ததால் நின்றதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

பேச்சுத் தமிழில் பதில் சொன்னால் திருத்த வேண்டாமா?

அந்த நாலு நிமிடத்தில் வேண்டாம். பேச்சுத் தமிழ்தான் நமக்குக் கிடைக்கும் நல்ல சான்று. "தாத்தா எட்டிப் பாத்தாரா, உள்ள ஆட்டுக்குட்டி நின்னுச்சு, பயந்துட்டாரு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது கதைக்குள் போய்விட்டு வந்திருக்கிறது. "கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவர் திடுக்கிட்டார்" என்று புத்தக வாக்கியத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளையைத்தான் நான் சந்தேகப்படுவேன். நினைவாற்றல் தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை. "வீட்டுல தம்பிகிட்ட சொல்ற மாதிரி சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். புரிந்த பிள்ளை உடனே மாற்றிச் சொல்லும். புரியாத பிள்ளை நின்றுவிடும்.

எந்த மாதிரிக் கேள்வி கேட்பது?

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். புரியவில்லை என்று எந்தப் பிள்ளையும் டீச்சரிடம் சொன்னதில்லை. "கதை பிடிச்சிருக்கா?" என்றாலும் தலையாட்டல்தான் கிடைக்கும்.

நான் பெரும்பாலும் மூன்றைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? இது ஏன் நடந்துச்சு? இந்தச் சொல்லை நம்ம வகுப்புல யாருக்காவது பொருத்திச் சொல்லு. மூன்றாவதுதான் சொல்லின் பொருளைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி. அர்த்தம் கேட்டால் அகராதி விடை வரும், அல்லது மௌனம் வரும். "நம்ம வகுப்புல யாரு என்னைக்குத் திடுக்கிட்டாங்க?" என்று கேட்டால், பல்லி விழுந்தபோது கத்திய பையனைக் காட்டுவார்கள், அல்லது காட்ட மாட்டார்கள். விடை அங்கேயே தெரிந்துவிடும்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது கேள்வியைவிட முக்கியம். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பழகும்வரை அந்த ஐந்து நொடி ரொம்ப நீளமாக இருக்கும்.

32 பேருக்கும் எப்படி நேரம் கிடைக்கும்? மற்ற பிள்ளைகள் சத்தம் போட மாட்டார்களா?

ஒரு நாளைக்கு 4 பேர். இடையில் ஆள் மாறும் நேரத்தையும் சேர்த்து 20 நிமிடம். 32 பேரும் 8 வேலைநாளில் முடிந்துவிடுவார்கள். இரண்டு வாரத்தில் 10 வேலைநாள் என்றால் 2 நாள் மிஞ்சும். அன்று வராதவர்கள், இரண்டாவது முறை பார்க்க வேண்டியவர்கள் அந்த நாட்களில். விடுமுறை, தேர்தல் வேலை, பயிற்சி வகுப்பு என்று வந்தால் மூன்று வாரம் ஆகும். ஆகட்டும். அதற்காக எட்டுப் பேரை ஒரே நாளில் தள்ளினால் அது வெறும் வருகைப்பதிவுதான்.

அந்த 20 நிமிடமும் மற்றவர்களுக்கு வாசிப்பு நேரம். ஆளுக்கு இரண்டு புத்தகம் கையில் இருக்க வேண்டும், பாதியில் எழுந்து மாற்ற வரக் கூடாது. தொடங்கிய முதல் வாரம் நான் யாரையும் பக்கத்தில் கூப்பிடவே இல்லை. எல்லாரும் அமைதியாக வாசிக்கப் பழகட்டும் என்று சும்மா சுற்றி வந்தேன். இந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டு நேராகத் தொடங்குகிறவர்கள்தான் பத்தாம் நாள் "இதெல்லாம் நம்ம வகுப்புக்கு ஒத்துவராது" என்பார்கள். ஈராசிரியர் பள்ளியில் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு 4 பேர் முடியாது. அவர்கள் நாளைக்கு 2 பேர் என்று வைத்துக்கொள்ளலாம், மாதம் ஒருமுறை வரும்.

குறிப்பை எப்படி எழுதி வைக்கிறீர்கள்? பிறகு அதைப் பார்க்கிறீர்களா?

ஒரு நோட்டு, ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். ஒவ்வொரு சந்திப்புக்கும் மூன்று வரி: வாசித்த பக்கம், நான் கவனித்தது, சொல்லி அனுப்பியது. வாசிக்கும்போது போடும் குறிகளுக்கு என் சுருக்கம் உண்டு. "பே" என்றால் பேச்சு வடிவம், "தி" தானே திருத்தியது, "கூ" எழுத்துக் கூட்டியது, "மா" பொருளே மாறியது. "மா"வுக்கு மட்டும் என்ன சொல்லை என்னவாக வாசித்தாள் என்று முழுதாக எழுதுவேன். மற்றவற்றுக்கு எழுத்து போதும்.

கயலின் தாளில் முதல் சந்திப்பு: "மா: முறிந்து/முறித்து. திடுக்கிட்டார் தெரியவில்லை. சொன்னது: முற்றுப்புள்ளி வந்தால் 'யார் செய்தது?' என்று கேட்டுக்கொள்." லகர ழகரம் பற்றி ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். திடுக்கிட்டாரை அன்றைக்கு விட்டுவிட்டேன்.

இரண்டாவது சந்திப்பு 11 நாள் கழித்து. இந்த முறை பதிவேட்டின் "நின்ற இடம்" கட்டத்தில் "கவிழ்ந்தது" என்று எழுதியிருந்தாள். படகு கவிழ்ந்தது என்ற வரி. "யாரு கவுத்தாங்கன்னு தேடினேன் டீச்சர், யாருமே இல்ல." அதுதான் வேண்டும். அந்த அரை நிமிடத்தில் நனைந்தது நனைத்தது, சேர்ந்தது சேர்த்தது என்று இரண்டு ஜோடியைச் சேர்த்துச் சொன்னேன், அவளே கவிழ்ந்தது கவிழ்த்தது என்று மூன்றாவதைச் சொன்னாள். அன்று சொல்லி அனுப்பியது: வாய்க்கு வந்தாலும் மனசுக்கு வராத சொல்லை எழுது.

மூன்றாவது சந்திப்புக்கு அவள் நின்ற இடங்கள் ஏழு. முதல் மாதத்தில் கோடு கோடாக இருந்த கட்டம் அது. மேலோட்டமாகப் பார்த்தால் பிள்ளைக்குத் தடுமாற்றம் கூடியதுபோல் இருக்கும். கூடியது தடுமாற்றம் அல்ல, தனக்குத் தெரியவில்லை என்று தெரிந்துகொள்வது. பதிவேட்டை மட்டும் பார்க்கிற தலைமையாசிரியருக்கோ பெற்றோருக்கோ இதை விளக்கிச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "போன மாசம் நல்லா இருந்தாளே" என்பார்கள்.

ஒவ்வொரு சந்திப்புக்கும் முன்னால் போன முறை என்ன சொல்லி அனுப்பினேன் என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். பார்க்காமல் பேசினால் மூன்று தடவையும் "நிறுத்தி நிதானமா வாசி" என்றே சொல்லியிருப்போம். என் பழைய நோட்டுகளில் அப்படித்தான் இருக்கிறது.

இதற்கு மதிப்பெண் போடலாமா?

வேண்டாம். மதிப்பெண் உண்டு என்று தெரிந்த அன்றே "நின்ற இடம்" எல்லாம் காணாமல் போகும்.

புத்தகங்களில் நிலை போட்டிருக்கிறதே, அதை வைத்தே பிள்ளையின் நிலையைச் சொல்லிவிடலாமா?

தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் வந்திருக்கின்றன. புத்தகம் எடுத்துக் கொடுக்க ரொம்ப உதவி. ஆனால் அது புத்தகத்தின் நிலை. மாடு வளர்க்கிற வீட்டுப் பையன் மாட்டைப் பற்றிய "ஓடு" புத்தகத்தைச் சிரித்துக்கொண்டே வாசிப்பான், கடல் பற்றிய "நட" புத்தகத்தில் சிக்குவான். ஆகவே என் தாளில் பிள்ளையின் பெயருக்கு எதிரே நிலை எழுதுவதில்லை, எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்றுதான் எழுதுகிறேன்.

இன்னும் எழுத்துக் கூட்டவே சிரமப்படும் பிள்ளைக்கு இது எப்படிப் பொருந்தும்?

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தோமே, அதில் அரும்பில் நிற்கும் பிள்ளைகள் நான்காம் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்கு நாலு நிமிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதாது. வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டிரண்டு நிமிடம் பார்க்கிறேன். நான் ஒரு பக்கம் வாசிப்பேன், பிள்ளை கேட்கும், கதையைப் பேசுவோம். பிறகு அதே பக்கத்தில் ஒரு வரியை மட்டும் பிள்ளை வாசிக்கும். பதிவேட்டில் புத்தகத்தின் பெயரைப் பார்த்து எழுதி, நின்ற இடத்தில் படம் வரைந்தால் போதும்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு. கதையைக் கேட்டால் நன்றாகப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு எழுத்தில்தான் சிக்கல். கெ, கே, கை மூன்றையும் குழப்பிக்கொள்வதுபோல ஏதோ ஒன்று இருக்கும், பயிற்சி கொடுக்கலாம். கேட்டாலும் புரியவில்லை என்றால் சொல்வளம்தான் குறை, எழுத்துப் பயிற்சியைக் கூட்டிப் பயன் இல்லை. நிறையக் கதை காதில் விழ வேண்டும்.

எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். வீட்டில் நான் என்ன செய்ய?

உங்களால்தான் இதை நன்றாகச் செய்ய முடியும். புத்தகம் உங்களுக்குத் தெரியாது என்பது பிள்ளைக்குத் தெரியும், அதனால் முழுக்கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சமைக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து "இன்னைக்கு என்ன படிச்ச, சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு எங்கே குழப்பம் வருகிறதோ அங்கே "அவன் ஏன் அப்படிப் பண்ணான்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் பிள்ளையே புத்தகத்தைத் திறந்து பார்க்கும். பதிவேட்டில் நீங்கள் எதுவும் எழுத வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

எப்போது இது நம் கையை மீறியது என்று முடிவு செய்வது?

முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள். புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோவது, வரியைத் தவறவிட்டு மேல்வரிக்கே திரும்புவது, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் பிழை கூடுவது, இதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கண்ணில் படும். என் வகுப்பில் இரண்டு பேருக்குக் கண்ணாடி வந்தது இப்படித்தான்.

மற்றபடி, தாள்களை அடுக்கிப் பாருங்கள். வாரம் இருமுறை பார்த்தும் இரண்டு மூன்று மாதம் ஒரே எழுத்துகளில், ஒரே மாதிரி சிக்கல் நகராமல் நின்றால், கேட்கும்போது நன்றாகப் புரிந்துகொள்கிற பிள்ளையாகவும் இருந்தால், நான் காத்திருப்பதில்லை. வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரிடம் காட்டச் சொல்கிறேன். டிஸ்லெக்சியா என்ற சொல்லை நானாகப் பெற்றோரிடம் உச்சரிப்பதில்லை. அதைச் சொல்லும் தகுதி நாலு நிமிடப் பேச்சுக்குக் கிடையாது. தேதிவாரியாக அந்தத் தாளை மட்டும் பிரதி எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். "படிக்க மாட்டேங்கிறான்" என்று வெறுமனே சொல்வதைவிட, எந்த நாளில் எந்தச் சொல்லை என்னவாக வாசித்தான் என்று இருப்பது அங்கே பார்ப்பவருக்கு எளிது.